கடலோரப் பள்ளியில் ஒரு பந்து செய்த கதை: நாட்குறிப்பு

ஜூன் 16, 2025, திங்கள்

இன்று பீரோவைத் திறந்து பார்த்தேன். காற்றுப்போன கால்பந்து ஒன்று, பிடி உடைந்த ஸ்கிப்பிங் கயிறு இரண்டு. 112 பிள்ளைகளுக்கு அவ்வளவுதான். எங்களுடையது இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் உள்ள ஒரு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி. விளையாட்டுக்கென்று தனித் தொகையும் இல்லை, உடற்கல்வி ஆசிரியரும் இல்லை. அறிவியல் எடுக்கிற நான்தான் வாரத்தில் இரண்டு பாடவேளை பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகிறேன். போன வருடம் முழுக்க ஓட்டமும் கபடியும்தான். கபடி ஆட முடியாத பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அது என் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

பழைய சேலை, காலி பாட்டில், கயிறு இந்த மூன்றையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முந்தாநாளோடு முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. பழுது பார்த்தபோது கழித்த வலையும் கயிறும் கரையெல்லாம் கிடக்கின்றன. கயிற்றுக்குக் குறைவிருக்காது.

ஜூன் 18, புதன்

முதல் பந்து. பருத்திச் சேலையை மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்து, நூல்கண்டு சுற்றுவதுபோல் சுற்றினோம். ஒவ்வொரு சுற்றுக்கும் திசை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூசணிக்காய் வடிவம் வந்துவிடும். கடைசி நுனியை ஊசிநூலால் தைத்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மளிகைக்கடைத் தராசில் வைத்தால் 210 கிராம். கிரிக்கெட் பந்தே 163 கிராமுக்கு மேல் போகாது. துணிதானே என்று நினைத்துவிட்டேன். இறுக்கிச் சுற்றிய துணி கல்லுக்குத் தம்பி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை மேல் பட்டால் அழுதுவிடும். ஏழு கல் ஆட்டத்துக்கு இது ஆகாது. அந்த ஆட்டத்தில் ஓடுகிறவர் முதுகில் பந்தை எறிந்துதான் ஆக வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள்: "டீச்சர், உள்ள கேரி பேக் வச்சுச் சுத்துனா எடை குறையுமே." நாளைக்கு அப்படிச் செய்து பார்க்க வேண்டும்.

ஜூன் 21, சனி

அவள் சொன்னது சரி. பிளாஸ்டிக் பைகள் ஏழெட்டைக் கசக்கி எலுமிச்சை அளவுக்கு உருட்டி, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம் நாலைந்தை அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக மாட்டினோம். வளையம் போடாவிட்டால் பை மறுபடி விரிந்து பந்து தொளதொளத்துப்போகும். அதன்மேல் துணி இரண்டு அடுக்கு. சுற்றளவு 22 செ.மீ., எடை 104 கிராம். மேலே பட்டால் வலி இல்லை.

ஆனால் அரைமணி நேர ஆட்டத்தில் தையல் பிரிந்து துணி வால் விட்டது. திருப்பித் தைத்தோம், திரும்பவும் பிரிந்தது. துணியின் விளிம்பு மணலில் உரசி நைகிறது. தையலை எவ்வளவு நெருக்கமாகப் போட்டாலும், அது பிடித்திருக்கும் துணியே நைந்த பிறகு என்ன பயன்?

பிறகு இன்னொரு சங்கடம். பந்து கால் கழுவும் தொட்டியில் விழுந்தது. எடுத்துப் பிழிந்த பிறகும் 190 கிராம். பருத்தி அவ்வளவு தண்ணீர் குடிக்கிறது. பாலியஸ்டர் சேலை குடிக்காது, ஆனால் வழுக்கும். சுற்றினால் நிற்கவே மாட்டேன் என்கிறது.

ஜூன் 25, புதன்

இன்றைக்கு நடந்ததை விரிவாக எழுதி வைக்கிறேன்.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பிரிந்த பந்தை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான். அவன் தாத்தா கரையில் வலை கட்டுகிறவர். காலையில் அவரே பந்தோடு வந்துவிட்டார். பந்துக்கு மேலே வலை பின்னியிருந்தார்.

"சும்மா தச்சா நிக்காது டீச்சரம்மா. வலையப் போட்டு இறுக்கிட்டா உள்ள இருக்குறது எங்கிட்டுப் போகும்?" என்றார்.

திண்ணையில் உட்காரவைத்துப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டச் சொன்னேன். முதலில் விரலளவு நூல் வளையம் ஒன்று. அதிலே வலை ஊசியால் எட்டுக் கண் போடுகிறார். அடுத்த சுற்றில் கண்ணுக்குக் கண் முடிச்சு. பந்தின் இடுப்பு வரும்வரை கண்களைக் கூட்டிக்கொண்டே போகிறார், இடுப்பைத் தாண்டியதும் குறைக்கிறார். கடைசியில் எஞ்சிய கண்களில் ஒரு நூலைக் கோத்துச் சுருக்குப்பை வாய்போல் இழுத்து முடிகிறார். கண்ணின் அளவு ஒரு விரல் நுனி நுழையும் அளவு. அதைவிடப் பெரிதானால் பிடிக்கும்போது பிள்ளையின் விரல் மாட்டிக்கொள்ளும்.

நூல் விஷயத்தில் அவர் கறாராக இருந்தார். பையன்கள் பொறுக்கி வந்ததில் பாதி தங்கூசி நரம்பு. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டார். ஒற்றை இழை நரம்பு வேகமாக வரும் பந்தில் கத்திமாதிரி கையைக் கீறும். பல இழை சேர்த்து முறுக்கிய நைலான் நூல்தான் வேண்டும். முடிச்சுப் போட்ட பிறகு நுனியை நெருப்பில் காட்டி உருக்கி, சூடு ஆறுமுன் ஈரக் கட்டையில் தேய்த்துத் தட்டையாக்கினார். அப்படியே விட்டால் உருகிய முனை முள்ளாக நிற்கும்.

வலை வந்ததும் என் பழைய சங்கடமும் தீர்ந்தது. பாலியஸ்டர் வழுக்கினால் என்ன, வலைதான் பிடித்திருக்கிறதே! இனி உள்ளே பருத்தி ஒரு சுற்று, மேலே பாலியஸ்டர், அதற்கு மேல் வலை. தொட்டியில் வேண்டுமென்றே முக்கி எடுத்தோம். 118 கிராம் பந்து 140தான் ஆனது.

ஜூலை 2, புதன்

பாட்டில்கள் குவிந்துவிட்டன. தடை ஓட்டத்துக்கு இரண்டு லிட்டர் பாட்டில்களை எடுத்துக்கொண்டேன். உயரம் ஒரு முழத்துக்குள் அடங்கும், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குத் தொடக்கத்தில் அது போதும். வெறும் பாட்டிலைக் கச்சான் காற்று கடல்வரைக்கும் உருட்டிக்கொண்டு போகிறது. நிறைய மணல் போட்டால் மூன்று கிலோவைத் தாண்டிவிடும், முழங்காலுக்குக் கீழே இடித்தால் எலும்பு வலிக்கும். கால் பங்கு மணல்தான் சரியான அளவு. ஏறத்தாழ 800 கிராம், பாரமெல்லாம் அடியில் இருக்கிறது. காற்றுக்கு நிற்கிறது, கால் பட்டால் சாய்கிறது.

குறுக்கே என்ன வைப்பது என்பதில்தான் தவறு செய்தேன். இரண்டு பாட்டில் கழுத்திலும் கயிற்றைக் கட்டினேன். முதல் பையனே கால் மாட்டி, இரண்டு பாட்டிலையும் இழுத்துக்கொண்டு குப்புற விழுந்தான். மணல் தரையானதால் உதட்டில் சிறு கீறலோடு போயிற்று. நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். தடை என்பது பட்டால் விழ வேண்டியது, கட்டினால் அது கண்ணி.

இப்போது கட்டுவதில்லை. சேலைக் கிழிசல் ஒன்றை இரண்டு மூடிகளின் மேலும் போட்டு, வெளியே தொங்கும் இரண்டு நுனியிலும் ஒரு பிடி மணலைச் சிறு முடிச்சாகக் கட்டிவிடுகிறோம். அந்தப் பாரத்தில் துணி விறைப்பாக நிற்கிறது. கால் பட்டதும் வழுகி விழுந்துவிடுகிறது. இருபது பேர் ஓடினார்கள், ஏழு தடவை துணி விழுந்தது, பிள்ளைகள் யாரும் விழவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஸ்கிப்பிங் கயிறு. கால் லிட்டர் குளிர்பான பாட்டில்தான் பிடி. தண்ணீர் பாட்டில் மெலிசு, கையில் நசுங்குகிறது. மூடியில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் துளை போட்டேன் (வெளியில் வைத்து, நானே, புகை நல்லதில்லை). கத்தியால் குத்தினால் விளிம்பு கூராகிக் கயிற்றை அறுக்கும், சூட்டில் உருகிய விளிம்பு வழவழப்பாக இருக்கும். கயிற்றை வெளியிலிருந்து நுழைத்து உள்ளே பெரிய முடிச்சுப் போட்டு மூடியைத் திருகினால் முடிந்தது. முடிச்சு உள்ளே தானாகச் சுழலும், கயிறு முறுக்கிக்கொள்ளாது.

நீளத்துக்கு டேப் வேண்டாம். கயிற்றின் நடுவில் இரண்டு காலையும் வைத்து நின்றால் பிடிகள் அக்குளுக்கு வர வேண்டும்.

பிளாஸ்டிக் கயிறு எடை இல்லாதது. காற்றில் பக்கவாட்டில் ஒதுங்கிப்போய்க் காலுக்கு வரவே இல்லை. பழைய தண்ணீர் ஓஸில் ஒரு முழம் வெட்டி நடுவில் கோத்து இரு பக்கமும் முடிச்சிட்டதும் அடங்கியது. தரையில் அடிபடுவதும் அந்த ஓஸ்தான் என்பதால் கயிறு தேயவில்லை. மணலில் ஆட முடியாது, வராந்தா சிமென்டில்தான் ஆட வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

பையன்கள் கயிறு இழுக்கும் போட்டிக்காகப் படகின் பழைய நங்கூரக் கயிறு ஒன்றைத் தூக்கி வந்தார்கள். கட்டை விரல் தடிமன், இருபது பாகம் இருக்கும். அத்தனை ஆசையாக வந்தார்கள்.

முறுக்கைப் பிரித்து உள்ளே பார்த்தேன். வெள்ளைப் பொடி கொட்டியது, இழைகள் சிலாம்பாகக் கையில் குத்தின. வெயில் பிளாஸ்டிக்கை அப்படித்தான் தின்கிறது. நல்ல கயிறென்றால் உள்முறுக்கு பளபளவென்றிருக்கும். இதைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முகம் சுண்டிப்போனது அவர்களுக்கு. 1997இல் தைவானின் தைபே நகரில் பெருங்கூட்டம் இழுத்தபோது கயிறு அறுந்து இரண்டு பேரின் கை துண்டானதை அவர்களிடம் சொன்னேன். அறுந்த கயிறு தெறிக்கும் வேகத்தைக் காட்ட, சைக்கிள் டியூபை இழுத்து விட்டுக் காட்டினேன். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்கிற பழக்கம் இங்கே எல்லாருக்கும் உண்டு. அதனால் வேறு எதை வேண்டுமானாலும் நாமே செய்யலாம், இழுக்கிற கயிறு மட்டும் வேண்டாம் என்பது என் முடிவு. அந்தக் கயிறு இப்போது மைதானத்தில் எல்லைக்கோடாகக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆறு வாரம் ஆகிறது. பதினான்கு பந்துகள், ஒன்றுகூடப் பிரியவில்லை. ஏழு கல் ஆட்டத்தில் இப்போது மரத்தடிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் மூன்றாம் எண் பந்து கனக்கிறது என்று சின்னப் பிள்ளைகள் சொன்னார்கள். நிறுத்துப் பார்த்தால் 157 கிராம்! ஈரமும் இல்லை.

வலையை அறுத்துப் பிரித்தோம். ஒவ்வொரு துணிச் சுற்றுக்கும் இடையில் மாவுபோல மணல். உதறித் தாளில் சேர்த்தால் 36 கிராம் வந்தது. வலைக் கண் வழியாகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்திருக்கிறது. பிரிக்காத இன்னொரு பந்தை வாளியில் அலசிப் பார்த்தோம், பாதி மணல்தான் வந்தது.

மற்ற பந்துகளையும் எடை போட்டோம். 130 கிராமைத் தாண்டியது ஐந்து. அவற்றைப் பெரிய பிள்ளைகளுக்கு எறிந்து பிடிக்கும் பயிற்சிக்கு மட்டும் என்று குறி போட்டு ஒதுக்கினேன். இனி மாதம் ஒருமுறை தராசு பார்க்க வேண்டும்.

சாயங்காலம் தாத்தாவிடம் காட்டினேன். மணலை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "வலைக்கு அடியில குடைத்துணி போட்டுத் தச்சுருங்க. அதுல நொழையாது" என்றார். உடைந்த குடை யார் வீட்டில் இருந்தாலும் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஒரு குடைக்கு எட்டுத் துண்டு. ஒரு பந்துக்கு எத்தனை துண்டு பிடிக்கும் என்று வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.