ஒரே நாடி என்றதும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன்

கும்பகோணம், மாயவரம் பக்கம் வரன் பார்க்கும்போது முதலில் கேட்பது ரஜ்ஜு. பத்துப் பொருத்தத்தில் நாடி இல்லை. பதினொன்றாவதாகத்தான் சேர்த்துப் பார்க்கிறோம். ஆனாலும் செல்போன் ஆப்பில் மொத்தம் 36 மதிப்பெண்ணில் நாடிக்குரிய 8 அப்படியே பூஜ்யம் என்று வந்துவிட்டால், பெண் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்குவதில்லை.

27 நட்சத்திரங்களை ஆதி, மத்திய, அந்திய என்று ஒன்பது ஒன்பதாகப் பிரித்து, வாதம், பித்தம், கபம் என்று சொல்வார்கள். இருவருக்கும் ஒரே நாடி வந்தால் ஒரே தாது கூடிவிடும், பிள்ளைப்பேறுக்கும் ஆயுளுக்கும் ஆகாது என்பதுதான் பயத்துக்குக் காரணம். மத்திய நாடி ஒன்றாக வந்தால் இன்னும் கடுமையாகச் சொல்வார்கள். இது சாஸ்திர நம்பிக்கை. ரத்த வகையையும் இதையும் சிலர் முடிச்சுப் போடுவது தவறு. அந்தச் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அது தனி.

ஒரு உதாரணம்: பையன் சதயம், பெண் பூரட்டாதி 2ஆம் பாதம். இரண்டும் ஆதி நாடி. ஆனால் இருவருக்கும் கும்ப ராசி, நட்சத்திரம் மட்டும் வேறு. ஒரே ராசி, வேறு நட்சத்திரம் என்றால் நாடி தோஷத்துக்கு விலக்கு உண்டு, இது அப்படிப்பட்ட ஜோடி. ஏக ராசியில் பையன் நட்சத்திரம் முன்னே வர வேண்டும் என்பார்கள். சதயம் பூரட்டாதிக்கு முந்தியது, அதுவும் சரி. பெண் நட்சத்திரத்திலிருந்து எண்ணினால் பையனுடையது 27ஆவது. வேறு ராசியாக இருந்தால் தினப் பொருத்தம் இல்லை என்பார்கள், ஒரே ராசி என்பதால் ஏற்றுக்கொள்வார்கள். ரஜ்ஜுவும் சதயத்துக்கு கண்டம், பூரட்டாதிக்கு உதரம், தட்டவில்லை.

இதே பெண் 4ஆம் பாதம் என்றால் கதையே மாறிவிடும். பூரட்டாதியின் முதல் மூன்று பாதம்தான் கும்பம், நான்காவது மீனம். ராசி வேறாகிறது, இந்த விலக்கு கைவிட்டுப் போகிறது. சந்திரன் ஒரு பாதத்தைக் கடக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான். பிறந்த நேரம் 3ஆம் பாதத்தின் கடைசியில் இருந்தால், ஆஸ்பத்திரிச் சீட்டில் உள்ள நேரத்தை வாங்கிப் பார்ப்பது அவசியம். அதோடு வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நட்சத்திர முடிவு நேரம் மணிக்கணக்கில் வித்தியாசப்படுவதுண்டு. ஒரு ஜாதகம் வாக்கியத்திலும் மற்றது திருக்கணிதத்திலும் கணித்ததா என்று கேளுங்கள். இரண்டையும் ஒரே பஞ்சாங்கத்தில் கணிக்கச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும்.

ஒரே நட்சத்திரம், ராசி வேறு என்றாலும் விலக்கு உண்டு. ராசியும் ஒன்றே, பாதம் மட்டும் வேறு என்றாலும் பல ஜோதிடர்கள் சம்மதிப்பார்கள். ஆனால் ஏக நட்சத்திரத்தில் ரஜ்ஜுவும் ஒன்றாகவே வருவதால், அதை எப்படிக் கழிக்கிறார் என்று தனியாகக் கேட்டுவிடுங்கள். பாதமும் ஒன்றே என்றால் விலக்கு கேட்டு அலைய வேண்டாம்.

ரோகிணி, திருவாதிரை, ரேவதி போன்ற சில நட்சத்திரங்களுக்கு நாடி தோஷமே இல்லை என்பவர்களும் உண்டு. அந்தப் பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும், அதை மட்டும் நம்பித் தாம்பூலம் மாற்றாதீர்கள். விலக்கு இருந்தும் மனசு கேட்காதவர்கள் திருக்கருகாவூர் போய் கர்ப்பரட்சாம்பிகையை வேண்டிக்கொண்டு மேலே பேசுகிறார்கள்.