ஒரே மாதத்தில் இருப்புச் சான்றிதழும் சால்வன்சி சான்றிதழும் வாங்கிய அனுபவம்

கடந்த 2025 ஜூனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வங்கிக் கடிதங்கள் தேவைப்பட்டன. மகளின் இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு ஒன்று. தம்பியும் நானும் சேர்ந்து நடத்தும் புதுப்பித்தல் வேலை நிறுவனத்தின் டெண்டருக்கு இன்னொன்று. இரண்டும் ஒரே மாதிரிக் கடிதம்தான் என்று நினைத்துக்கொண்டு கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் உள்ள எங்கள் வங்கிக் கிளையில் ஒரே நாளில் இரண்டையும் கேட்டேன். மூன்று நாளில் இரண்டும் கைக்கு வந்தன. இரண்டுமே இருப்புச் சான்றிதழ்கள். மகளுக்கு வந்தது பாதி சரி, டெண்டருக்கு வந்தது முழுக்கத் தவறு.

டெண்டர் கோலாலம்பூரில் இருக்கும் ஓர் இந்திய அரசு சார்ந்த அலுவலகத்தின் உள்வேலை. மதிப்பீடு 5,80,000 ரிங்கிட். விதிமுறைகள் இந்தியப் பொதுப்பணி வழக்கப்படி எழுதப்பட்டிருந்தன. மதிப்பீட்டில் 40 சதவீதத்துக்கு, அதாவது 2,32,000 ரிங்கிட்டுக்கு, நிறுவனம் தாங்கும் என்று வங்கி கருத்துச் சொல்லும் சால்வன்சி சான்றிதழ் வேண்டும் என்று அதில் இருந்தது. வங்கி கொடுத்த தாளிலோ ஒரே ஒரு வரிதான்: இந்தத் தேதியில் இந்த நடப்புக் கணக்கில் 91,340 ரிங்கிட் இருக்கிறது. அதைப் பார்த்ததும் நெஞ்சு பதறிவிட்டது. மகளுக்காக 1,12,000 ரிங்கிட்டை நான்தான் சில நாள் முன்பு அந்தக் கணக்கிலிருந்து எடுத்திருந்தேன். ஒரு வேலைக்காக எடுத்த பணம் இன்னொரு வேலையைக் கெடுத்துவிட்டது என்றே நம்பினேன்.

மதுரையில் இருக்கும் சித்தப்பா மகனிடம் போனில் கேட்டேன். "அது தாசில்தார் ஆபீசில் வாங்குவதாச்சே அண்ணே, சொத்து மதிப்புச் சான்றிதழ்" என்றான். தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் வருவாய்த் துறை ஒன்று கொடுக்கிறது என்பது உண்மைதான். அது நிலம், வீட்டை வைத்துக் கொடுப்பது. எங்கள் டெண்டர் கேட்டது வங்கி தருவதை. பெயர் குழப்பத்தில் நான்கு நாள் போனது.

அப்புறம் வங்கியில் தொழில் கடன் பிரிவைப் பார்க்கும் தமிழ்ப் பெண் அதிகாரிதான் விஷயத்தை விளக்கினார். "அண்ணே, இருப்புச் சான்றிதழ் ஒரு தேதியில் எவ்வளவு இருந்தது என்று மட்டும் சொல்லும். நீங்கள் கேட்பது, இந்த நிறுவனம் எவ்வளவு தொகை வரை தாங்கும் என்ற எங்கள் கருத்து. அதைக் கவுண்டரில் எழுத முடியாது, மேலிடம் ஒப்புதல் தரவேண்டும்." மலேசியாவில் சால்வன்சி என்ற பெயரில் யாரும் அதிகம் கேட்பதில்லையாம். வங்கியின் பரிந்துரைக் கடிதம் என்ற வகையில் வேண்டுமானால் எழுதலாம், வாசகத்தைக் கொண்டுவாருங்கள் என்றார்.

வாசகம் டெண்டர் ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு படிவமாகவே இருந்தது. அதைத்தான் முதல் நாளே எடுத்துப் போயிருக்க வேண்டும். அதன் சாரம் இது: எங்களுக்குத் தெரிந்த வரையிலும் கிடைத்த தகவல் வரையிலும், எங்கள் வாடிக்கையாளரான இந்த நிறுவனம் மதிப்புக்குரியது, இன்ன தொகை வரையிலான பொறுப்புக்கு நல்லது என்று கருதலாம். இந்தச் சான்றிதழ், வங்கிக்கோ அதன் அதிகாரிகளுக்கோ எந்த உத்தரவாதமும் பொறுப்பும் இல்லாமல் வழங்கப்படுகிறது.

கடைசி வரியைப் படித்துத் தம்பி கோபப்பட்டான். பொறுப்பே இல்லை என்று எழுதினால் அந்தக் கடிதத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டான். ஆனால் அந்த வரி இல்லாமல் எந்த வங்கியும் கையெழுத்துப் போடாது. பொறுப்பு ஏற்றால் அது வங்கி உத்தரவாதம் ஆகிவிடும். அது வேறு ஆவணம், அதற்கு வேறு ஈடு, வேறு கட்டணம். ஒப்பந்தப்புள்ளியோடு கட்டும் முன்வைப்புத் தொகையும் இதில் சேராது, அதைத் தனியாகக் கட்டினோம்.

எங்கள் கணக்கில் 91,340 ரிங்கிட் மட்டுமே இருந்தும் வங்கி 2,50,000 ரிங்கிட் வரை எழுதியது. எப்படி என்றால், அவர்கள் இருப்பைத் தனியாகப் பார்க்கவில்லை. கணக்கில் வந்துபோன தொகைகள், தணிக்கை செய்த வரவு செலவு, கிள்ளானில் உள்ள கடை வீட்டின் பத்திரம், 1,50,000 ரிங்கிட் ஓவர்டிராஃப்ட் வரம்பு, அதை நாங்கள் தவணை தப்பாமல் கையாண்ட விதம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். மகளுக்கு எடுத்த பணம் பெரிதாகவே படவில்லை. 11 நாள் ஆனது. தொழில் கூட்டாளிகளான எங்கள் இருவர் பெயரும் வங்கிப் பதிவில் உள்ளபடியே கடிதத்தில் இருக்க வேண்டும் என்று படிவத்தின் குறிப்பில் இருந்தது. முதல் நகலில் தம்பி பெயர் விடுபட்டிருந்ததால் திருப்பிக் கொடுத்து மாற்றினேன். கடிதம் டெண்டர் விட்ட அலுவலகத்தின் முகவரிக்கே எழுதப்பட்டு, ஒட்டி முத்திரையிட்ட உறையில் வந்தது.

மகள் விசாவின் கணக்கு இதற்கு நேர் எதிர். அங்கே ஓவர்டிராஃப்ட் வரம்பு செல்லாது, பங்குகள் செல்லாது, கடை வீடும் செல்லாது. எடுக்கக்கூடிய ரொக்கம் மட்டுமே கணக்கு. லண்டனுக்கு வெளியே படிப்பவர்களுக்கு அப்போது மாதம் 1,136 பவுன் வீதம் அதிகபட்சம் 9 மாதத்துக்கு, அதாவது 10,224 பவுன் காட்டவேண்டும். கட்டாமல் மீதமிருந்த கல்விக் கட்டணம் 8,000 பவுன் அதோடு சேரும். அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூட அந்தத் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது. 28 நாள் முடியும் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் விழ வேண்டும்.

வங்கி முதலில் கொடுத்த சான்றிதழில் அன்றைய இருப்பு மட்டுமே இருந்தது. பணம் மகள் கணக்கில் விழுந்தது ஜூன் 2. அதனால் 28 நாள் ஜூன் 29இல்தான் நிறைவாகும். பொறுத்திருந்து, ஜூன் 30 வரைக்கும் அந்தக் கணக்கின் அறிக்கையும், இடைப்பட்ட நாட்களின் மிகக் குறைந்த இருப்பைச் சொல்லும் புதிய கடிதமும் வாங்கினோம். ஜூலை 14இல் விண்ணப்பித்தாள். ஜூலை கடைசியைத் தாண்டியிருந்தால் அந்தக் கடிதம் பயன்படாமல் போய் மறுபடி வாங்க வேண்டியிருக்கும். மலேசியக் கடப்பிதழ் உள்ள மாணவர்களிடம் பொதுவாக இந்தக் காகிதங்களை முதலிலேயே கேட்பதில்லை. ஆனால் கேட்டால் உடனே கொடுக்க வேண்டும், அதனால் கையில் வைத்திருந்தோம். பவுன் மதிப்பு ஏறினால் ரிங்கிட் தொகை போதாமல் போகலாம் என்று கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வைத்தேன். அந்த 28 நாளும் மகள் அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டாள், தவறிப்போய்க்கூட எடுத்துவிடக் கூடாதே என்று.

செல்லுபடி விஷயத்தில் இரண்டு கடிதத்திலும் வங்கி காலாவதித் தேதி எதுவும் போடவில்லை. கேட்பவர் விதிதான் காலத்தை முடிவு செய்கிறது. எங்கள் டெண்டரில், முதலில் அறிவித்த கடைசித் தேதிக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும் என்று இருந்தது. ஜூலை 8 கடைசி நாள். பிறகு ஜூலை 22 வரை நீட்டித்தார்கள். "முதலில் அறிவித்த" என்ற சொல்லை வைத்து அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டேன், நீட்டிப்பு இந்தக் கணக்கை மாற்றாது என்று பதில் வந்தது.

தொழில்நுட்பச் சுற்றில் தேறினோம். விலையில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டது. மகளுக்கு விசா வந்தது. டிசம்பரில் இன்னொரு டெண்டருக்கு அதே சால்வன்சி கடிதத்தின் நகலை வைக்கலாமா என்று அந்த அதிகாரியிடம் கேட்டேன். ஆறு மாதம் முடியவில்லைதான், ஆனால் முகவரி வேறு அலுவலகத்துடையது, தொகையும் வேறு என்றார். இந்த முறை படிவத்தையும் பத்திர நகலையும் சேர்த்தே எடுத்துப்போனேன், 6 நாளில் கிடைத்தது.