சேனலுக்கு வராமல் போன அறிவிப்பு

எங்கள் குழு பயன்படுத்தும் ஒரு மென்பொருளின் பாதுகாப்பு அறிவிப்புகள், நிரல்கள் படிக்கத்தக்க பட்டியலான ஆர்எஸ்எஸ் ஓடையாக வெளிவரும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த ஓடையைப் பார்த்து, புதிய பதிவு இருந்தால் மட்டும் குழுவின் அரட்டைச் சேனலில் போடும் சிறு நிரலை எழுதினேன். ஒரே மாலையில் எழுதி முடித்தேன். ஆனால் எது புதியது என்பதை அது சரியாகக் கண்டுகொள்ள ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது.

முதலில் தேதியை நம்பினேன். கடைசியாகப் பார்த்த நேரத்தைக் குறித்துவைத்து, பதிவின் வெளியீட்டுத் தேதியான `pubDate` அதற்குப் பிந்தியிருந்தால் புதியது என்று கொண்டேன். இரண்டு மாதம் குறையின்றி ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை, குழுவில் இளையவர் ஒருவர் வந்து, "அண்ணா, இந்த அறிவிப்பு நம் சேனலில் வரவே இல்லையே?" என்று திரையைக் காட்டினார். ஓடையில் அது இருந்தது. செவ்வாய்க்கிழமை தேதியோடு இருந்தது. உண்மையில் வெளியானது வியாழன் மாலை. வரைவு எழுதத் தொடங்கிய நாளையே தளம் வெளியீட்டுத் தேதியாகப் பதித்துவிட்டது. செவ்வாயைத் தாண்டி வந்துவிட்ட என் நிரல் அதைப் பழையது என்று ஒதுக்கியிருந்தது. நிரலின் பதிவேட்டில் ஒரு பிழைகூட இல்லை. ஒரே செய்தி இருமுறை வந்திருந்தால் மறுநிமிடமே யாராவது கேட்டிருப்பார்கள். வராமல் போனதை அந்த இளையவர் தற்செயலாகப் பார்த்ததால்தான் அறிந்தோம். ஆர்எஸ்எஸ் 2.0 வரையறையில் `pubDate` கட்டாயம்கூட இல்லை என்பதை அதன் பிறகுதான் படித்தேன்.

ஆகவே தேதியை விட்டு, அடையாளத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பதிவுக்கும் `guid` என்ற தனி அடையாளம் உண்டென்றால் அதையும், இல்லையென்றால் இணைப்பையும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் சிறிய அட்டவணையில் சேர்த்துவைப்பது. அட்டவணையில் இல்லாததே புதியது. முதல்முறை ஓடும்போது எதையும் சேனலில் போடாமல், ஓடையில் இருப்பதையெல்லாம் அட்டவணையில் ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓடையில் கிடக்கும் பழையவை அனைத்தும் ஒரே மூச்சில் வந்து விழும்.

அப்படி விழுந்ததும் உண்டு, ஆனால் முதல் ஓட்டத்தில் அல்ல. அந்தத் தளம் ஒருநாள் `http`இலிருந்து `https`க்கு மாறியது. அவர்களுடைய `guid` என்பது பக்கத்தின் முகவரியேதான். முகவரியில் ஓரெழுத்து கூடியதும் ஓடையிலிருந்த இருபது பதிவுகளும் என் நிரலுக்கு முன்பின் அறியாதவை ஆகிவிட்டன. அதிகாலை மூன்று மணிக்கு, பணியில் இருந்தவரின் தொலைபேசி இருபது முறை ஒலித்தது. காலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இதைச் சேர்த்தேன். இதில் `id` என்பது அந்த `guid`தான்:

```python
def key(e):
    k = e.get("id") or e["link"]
    return re.sub(r"^http://", "https://", k)
```

இது அந்த ஒரு மாற்றத்துக்குத்தான் மருந்து. நாளை தளத்தின் பெயரே மாறினால் உதவாது. அதனால் ஒரு வரம்பும் வைத்தேன். இந்த ஓடையில் நாளுக்கு ஒன்றிரண்டு பதிவுகளுக்கு மேல் வருவதில்லை. ஒரே ஓட்டத்தில் ஐந்துக்கு மேல் புதியவை தென்பட்டால், நிரல் அவற்றைச் சேனலில் போடாமல், "இத்தனை பதிவுகள் வந்திருக்கின்றன, பார்த்து அனுமதிக்கவும்" என்று எனக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பும்.

கடைசிக் கோளாறு நானே வரவழைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் முழு ஓடையையும் இறக்குவது அவர்களுடைய சேவையகத்துக்கு வீண் சுமை என்று, ஓடையின் அப்போதைய நிலைக்கு அடையாளமாக அது தரும் `ETag` மதிப்பைச் சேமித்து, அடுத்த முறை `If-None-Match` தலைப்பில் திருப்பி அனுப்பினேன். ஓடை மாறவில்லை என்றால் உள்ளடக்கம் ஏதுமின்றி `304` என்ற பதில் மட்டும் வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மதிப்பை, ஓடையை இறக்கிய கையோடு சேமித்துவிட்டேன். ஒருநாள் சேனலின் சேவை சில நிமிடங்கள் முடங்கியது. புதிய பதிவு ஒன்று போய்ச் சேரவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து நிரல் மறுபடி கேட்டபோது `304` வந்தது. ஓடை மாறவில்லை, ஆகவே செய்ய ஒன்றுமில்லை என்று அது ஓய்ந்துவிட்டது. மறுநாள் ஓடையில் இன்னொரு பதிவு சேர்ந்தபோதுதான் இரண்டும் சேர்ந்து வந்தன. இடையில் ஒரு பகல் முழுவதும் எங்கள் சேவையகங்கள் திருத்தம் பெறாமல் இருந்தன.

இப்போது வரிசை இதுதான்: சேனலில் போடு, அது ஏற்றுக்கொண்டதும் அந்தப் பதிவின் அடையாளத்தை அட்டவணையில் எழுது, எல்லாம் முடிந்த பிறகே `ETag` மதிப்பைச் சேமி. போட்டதற்கும் எழுதியதற்கும் நடுவே நிரல் நின்றுபோனால் அதே செய்தி இரண்டாம் முறை வரும். குழுவினரிடம் அதை முன்கூட்டியே சொல்லி, ஒப்புதல் வாங்கியிருக்கிறேன்.