வினிகரில் ஊறிய கீரைக்கு அட்டை வெள்ளையாகவே நிற்கிறது

பூச்சிமருந்துச் சோதனை அட்டையை வைத்துக்கொண்டு சாவிக் கீரையை விதவிதமாகக் கழுவிப் பார்ப்பதுதான் இப்போதைய பைத்தியம். மற்ற எல்லாம் ஒழுங்காக வந்தது, வினிகர் மட்டும் பாடாய்ப் படுத்திவிட்டது.

அட்டை பயன்படுத்துபவர்களுக்குத் தெரியும், வெள்ளை வில்லையில் கீரை இலையைத் தேய்த்து எடுத்த நீர் ஒரு சொட்டு, பத்து நிமிடம் காத்திருப்பு, பிறகு சிவப்பு வில்லையை அதன் மேல் மடித்து மூன்று நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நீலம் வந்தால் நல்லது. வெள்ளையாகவே நின்றால் மருந்து அங்கிருக்கும் நொதியை முடக்கிவிட்டது என்று அர்த்தம். ஜெலுத்தோங் பாசாரில் வாங்கிய சாவி கழுவாமல் வெள்ளை. குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொரு இலையாக இரு பக்கமும் தேய்த்தால் வெளிர் நீலம். வினிகரில் ஊறவைத்த இலை மறுபடியும் பளிச்சென்ற வெள்ளை! அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், "நான் சொன்னேன்ல, மஞ்சளும் உப்பும் போடு, வினிகர் எல்லாம் எதுக்கு?" என்று.

சந்தேகம் தீர, கீரையே இல்லாமல் தண்ணீர் கலந்த வினிகரை மட்டும் ஒரு சொட்டு விட்டேன். அதுவும் வெள்ளை. அங்கே மருந்து எங்கிருந்து வரும்? புளிப்புதான் நொதியைக் கொன்றுவிடுகிறது, அது நடுநிலைக்குச் சற்று மேலே, 7.5 அளவு pH-இல்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே ஊறவைத்த இலையைக் குழாயில் நன்றாக அலசி, வடித்து, அதன் பிறகு அட்டையோடு வந்த கரைசல் சொட்டை விட்டு இன்னொரு இலையால் தேய்த்து எடுத்த நீரைச் சோதிக்க வேண்டும். அப்படிச் செய்தபோது நீலம் வந்தது. ஆனால் அந்த நீலம் வினிகர் தந்ததா, அலசல் தந்ததா என்று பிரிக்க முடியாது, அதே அலசல் தனியாகவும் நீலம் தருகிறதே. வெங்காயத்தாள், பூண்டு, முள்ளங்கி மாதிரி காரச் சாறு உள்ளவையும் இதே பொய் வெள்ளை காட்டும், அவற்றில் வீணாக்காதீர்கள்.

உப்பு விஷயத்துக்கு வருகிறேன். 2007-இல் சீனாவில் முட்டைக்கோஸ் வைத்துச் செய்த ஆய்வில் 20 நிமிடம் ஊறவைத்தார்கள். வெறும் தண்ணீர் மருந்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எடுக்கவில்லை, உப்பு நீரும் அசிட்டிக் அமிலமும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ எடுத்தன. இதைப் படித்துவிட்டுத்தான் எல்லாரும் உப்பு உப்பு என்கிறார்கள். அளவை யாரும் பார்ப்பதில்லை: இரண்டுமே 10 சதவீதம்! மூன்று லிட்டர் பேசினுக்கு 300 கிராம் உப்பு, கடல் நீரை விட ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் வீட்டில் போடுவது ஒரு மேசைக்கரண்டி, 18 கிராம், அதாவது 0.6 சதவீதம். கடை வினிகரே 5 சதவீதம்தான், அதில் மூன்று பங்கு தண்ணீர் ஊற்றினால் ஒன்றே கால். அட்டையில் கரண்டி உப்பும் வெறும் ஊறலும் எனக்கு வித்தியாசமே காட்டவில்லை. 300 கிராம் போட்டுப் பார்த்தேன், சாவி துவண்டு ஊறுகாய் ஆனதுதான் மிச்சம்.

அட்டையைப் பெரிதாக நம்பவும் கூடாது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் இரண்டு வகையைத்தான் அது பிடிக்கும், அதுவும் கொஞ்சம் அதிகமாக இருந்தால்தான். சைபர்மெத்ரின் இருந்தாலும் நீலம் காட்டும். வேர் வழியாக இலைக்குள்ளேயே ஏறிவிடும் இமிடாகுளோபிரிட் போன்றவையும் அதில் தெரியாது, அவற்றை எந்தத் தண்ணீரும் முழுசாக எடுக்காது.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இணையத்தில் வாங்கிய முதல் பெட்டி வெயிலில் எங்கேயோ கிடந்து வந்திருக்க வேண்டும், வெறும் கரைசலுக்கே நீலம் வரவில்லை. பெட்டி வந்ததும் அந்தச் சோதனையைச் செய்துவிட்டு மீதியை ஐஸ்பெட்டியில் வையுங்கள். ஏர்கோன் அறையில் செய்தால் நீலம் தாமதமாகும், பத்து நிமிடமும் உள்ளங்கைச் சூட்டில் பிடித்துக்கொள்ளுங்கள்.

வினிகரை இன்னும் விடவில்லை. கரைசலில் துளி ஆப்பச்சோடா கலந்து புளிப்பை முறித்துப் பார்க்கலாம் என்று யோசனை, ஆனால் சோடாவே சில மருந்துகளைச் சிதைக்கும். 2017-இல் அமெரிக்காவில் ஆப்பிளை லிட்டருக்கு 10 கிராம் சோடா கலந்த நீரில் 12 முதல் 15 நிமிடம் வைத்தபோது மேற்பரப்பில் இருந்த இரண்டு மருந்தும் போய்விட்டன, தோலுக்குள் இறங்கியது மட்டும் தங்கிவிட்டது. அடுத்து ஆப்பிளா, பயத்தங்காயா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பயத்தங்காய் என்றால் இலை மாதிரி தேய்த்து நீர் எடுக்க முடியாது, நறுக்கிப் போட்டுக் குலுக்க மூடி போட்ட சின்ன பாட்டில் வேண்டும், அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.