மூன்று வாரங்களுக்கு மட்டும் நான்கு

மார்ச் 5, 2025, புதன்

ரொறன்ரோவில் மாலை 4 மணிக்கு, அம்மா படுத்திருக்கும் லண்டன் மருத்துவமனைக்கு அழைத்தேன். அங்கே இரவு 9. மாத்திரை கொடுத்தாயிற்று, உறங்கிவிட்டார் என்றார் தாதி. நேற்றும் இதே பதில், முந்தாநாளும் இதே பதில். எனக்கு வேலை முடிவது மூன்றரைக்கு. அலமாரியைத் திறந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டு காருக்கு வந்து சேரவே நான்காகிவிடுகிறது.

மார்ச் 7, வெள்ளி

அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிதோறும் மருத்துவரும் பிசியோவும் அண்ணாவுடன் உட்கார்ந்து பேசுவார்களாம். என்னையும் தொலைபேசியில் சேர்த்துக்கொள்வார்கள். அண்ணாவின் செய்தி: "பிற்பகல் 3 மணி. உனக்குக் காலை 10." அதை அப்படியே தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். கைத்தொலைபேசியிலும் காலை 10 என்று அலாரம் வைத்துவிட்டேன். மேற்பார்வையாளரிடம் 10 மணிக்கு அரை மணி நேரம் கேட்டிருக்கிறேன். கேட்கக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

கோடை நேரத்துக்காக இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய நாள். அதிகாலை 2 மணி 3 ஆகிவிட்டது. அடுப்பில் இருப்பதையும் காரில் இருப்பதையும் நானே கையால் தள்ளினேன். ஓர் இரவில் ஒரு மணி நேரம் போனதற்கே உடம்பு அலுத்துக்கொள்கிறது.

4 மணிக்கு அழைத்தேன். அம்மா விழித்திருந்தார்! பதினொரு நிமிடம் பேசினார். நான் சாப்பிட்டேனா, பனி நின்றதா, கால் ஏன் இவ்வளவு கனக்கிறது என்று வரிசையாகக் கேள்விகள். குரலில் பழைய கண்டிப்பு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. காரிலேயே அழுதேன்.

மார்ச் 10, திங்கள்

இன்றும் விழித்திருந்தார்.

மார்ச் 12, புதன்

நான்காவது நாள். அண்ணாவும் பக்கத்தில் இருந்தான். பார்வை நேரம் 8 மணியோடு முடியுமே, எப்படி இருக்க விட்டார்கள் என்று கேட்க நினைத்து மறந்துவிட்டேன். 9 மணிக்கு இப்படிப் பேசுகிறார் என்றால் உடம்பு தேறுகிறது என்றுதானே பொருள்? தூக்க மாத்திரையின் அளவைக் குறைத்திருப்பார்களோ? வெள்ளிக்கிழமை கேட்க வேண்டிய கேள்விகளின் தலைப்பில் இதை எழுதிவைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

10 மணிக்கு இணைந்தேன். ஒருவரும் இல்லை. காத்திருப்பு இசை மட்டும் ஓடியது. 10.10. 10.20. அண்ணா எடுக்கவில்லை. வார்டிலும் எடுக்கவில்லை. ஒரு மருத்துவமனையில் எல்லோரும் ஒரே நேரத்தில் தொலைபேசியை எடுக்காமல் இருந்தால் மனம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், அங்கேதான் போனது. 10.30க்குத் தொலைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போய் நின்றேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

11 மணிக்கு அவர்கள் கூடியிருக்கிறார்கள். மூன்று முறை என்னை அழைத்திருக்கிறார்கள்.

"லண்டனில் இன்னும் நேரம் மாறவில்லை, தங்கச்சி. மாத முடிவில்தான் மாறும்" என்றான் அண்ணா. இருபது ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த விஷயம். மணி பார்த்துப் பேச வேண்டிய தேவை இதுவரை வரவில்லை, அதனால் ஆண்டுதோறும் மறந்திருக்கிறேன்.

இரவு.

உறக்கம் வரவில்லை. கூட்டம் தவறியது அல்ல காரணம். ஞாயிறு முதல் நான் அழைத்த 4 மணி அங்கே 9 அல்ல, 8. அம்மா தேறவில்லை. நான் ஒரு மணி நேரம் முன்னதாக அழைத்திருக்கிறேன், அவ்வளவுதான். மாத்திரை வருவதற்கு முன்.

மார்ச் 15, சனி

யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி அழைத்தார். அவருடன் பேசி முடித்த பிறகுதான் எனக்கே முழுதாக விளங்கியது. சித்தியின் கடிகாரம் ஆண்டு முழுவதும் நகர்வதில்லை. அதை முளையாக அடித்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் கட்டப்பட்டிருக்கும் கயிறுகளின் நீளத்தை அளந்து பார்த்தேன்.

குளிர்காலத்தில் ரொறன்ரோ சித்திக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். லண்டன் ஐந்தரை மணி நேரம் பின்னால். எங்களுக்கிடையே 5. மார்ச் 9 அன்று என் கயிறு மட்டும் குறுகியது: ஒன்பதரை. லண்டனுடையது ஐந்தரையாகவே இருக்கிறது. ஆகவே இப்போது 4. மார்ச் 30 அன்று லண்டனுடையதும் நான்கரையாகிவிடும். மறுபடியும் 5.

ஒருவர் அடி எடுத்து வைத்துவிட்டார், மற்றவர் இன்னும் வைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் இப்போது நாங்கள் இருக்கிறோம். ஒரே இரவில் இருவரும் வைத்திருந்தால் சித்திக்கு மட்டுந்தான் மாற்றம் தெரிந்திருக்கும். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் எதுவும் அசைந்திருக்காது.

மார்ச் 16, ஞாயிறு

4 மணிக்கு அழைத்தேன். விழித்திருந்தார். மகிழ்ச்சிப்பட முடியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஏன் மூன்று வாரம்? சென்ற ஆண்டும் மூன்று, அதற்கு முந்தைய ஆண்டு இரண்டு. பழைய நாட்காட்டிகளை எடுத்துப் பார்த்தேன்.

இங்கே விதி மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. அங்கே மார்ச்சின் கடைசி ஞாயிறு. ஒன்று மாதத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணுகிறது, மற்றது முடிவிலிருந்து எண்ணுகிறது. இரண்டாம் ஞாயிறு 8, 9, 10 ஆகிய தேதிகளில் விழுந்தால் அந்த மார்ச்சில் ஐந்து ஞாயிறுகள் இருக்கும், இடைவெளி மூன்று வாரம். 11 முதல் 14 வரை விழுந்தால் நான்கு ஞாயிறுகள்தான், இடைவெளி இரண்டு வாரம். 2023இல் 12ஆம் தேதி விழுந்தது. இந்த ஆண்டு 9.

அக்டோபரிலும் இது வரும், ஆனால் ஒரே வாரம். லண்டன் அக்டோபரின் கடைசி ஞாயிறன்று பின்னே போகும், நாங்கள் நவம்பரின் முதல் ஞாயிறன்று போவோம். கடைசி ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு எப்போதும் அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறுதானே, அதனால் அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அப்போதும் 5 என்பது 4 ஆகத்தான் குறையும், 6 ஆகாது. நாங்கள் கோடை நேரத்துக்கு முதலில் போகிறோம், கடைசியாகத் திரும்புகிறோம். இரு ஓரங்களிலும் நாங்கள் முன்னே தள்ளி நிற்க, அவர்கள் தள்ளாமல் நிற்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதும்போது நெஞ்சு அமைதியாக இருக்கிறது. கணக்குக்கு விடை இருக்கிறது.

மார்ச் 19, புதன்

நெஞ்சில் சளியாம். ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள். இரண்டு வார்த்தைதான் பேசினார்.

மார்ச் 20, வியாழன்

அண்ணா எடுக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

இந்த முறை கைத்தொலைபேசியின் நாட்காட்டியில் நேர வலயத்தை `Europe/London` என்று தேர்ந்தெடுத்து, பிற்பகல் 3 என்று பதிந்தேன். இன்றும் 28ஆம் தேதியும் எனக்குக் காலை 11 என்று அதுவே காட்டியது. ஏப்ரல் 4இல் 10 என்று காட்டுகிறது. கூட்டம் யாருடைய ஊர் நேரத்தில் கட்டப்பட்டிருக்கிறதோ, அவருக்கு அது அசையாது, மற்றவருக்குத்தான் நகரும். மருத்துவமனையின் 3 மணி எனக்கு ஒரு மணி நேரம் பிந்தி வருகிறது. என்னுடைய 4 மணி அம்மாவுக்கு ஒரு மணி நேரம் முந்திப் போகிறது. "5 கூட்டு" என்று மனத்தில் வைத்துக்கொண்டு அலாரம் வைத்தது என் தவறு. ஃபிரிட்ஜில் இருந்த தாளைக் கிழித்துவிட்டேன்.

மேற்பார்வையாளர் 11 மணிக்கு விட்டார். எதுவும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

மாத்திரையின் அளவு குறைக்கப்படவில்லை. நானே கேட்டேன். சளி கட்டுக்குள் வருகிறது என்றார் மருத்துவர். திங்கள்கிழமை எழுப்பி உட்காரவைத்துப் பார்ப்பார்களாம்.

மார்ச் 23, ஞாயிறு

அம்மா கேட்டார்: "இப்போதெல்லாம் நேரத்தோடு அழைக்கிறாயே பிள்ளை, வேலை குறைவா?"

ஆமாம் என்றேன்.

மார்ச் 24, திங்கள்

உட்கார்ந்தார். ஆறு நிமிடம்.

மார்ச் 26, புதன்

2006ஆம் ஆண்டு நினைவில் நிற்கிறது. அப்போது இங்கே ஏப்ரல் மாதத்தின் முதல் ஞாயிறன்றுதான் கடிகாரம் மாறும். லண்டன் மார்ச் 26 அன்று, இதே தேதியில், எங்களுக்கு ஒரு வாரம் முந்தி மாறியிருந்தது. அந்த வாரம் இடைவெளி 6. அண்ணாவின் மூத்தவன் பிறந்த வாரம் அது. இங்கே நள்ளிரவு தாண்டும்வரை விழித்திருந்து, அங்கே விடிந்ததும் பேசினோம்.

2005இல் அமெரிக்கா ஆற்றல் சிக்கனம் என்று சொல்லி ஒரு சட்டம் இயற்றி, 2007 முதல் கோடை நேரத்தை மார்ச்சுக்கு இழுத்து, நவம்பர் வரை நீட்டியது. எங்கள் ஒன்ராறியோ மாகாணமும் கூடவே போனது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு நேரம், இந்தப் பக்கம் ஒரு நேரம் என்று வியாபாரம் செய்ய முடியாது. ஐரோப்பா தன் கடைசி ஞாயிறை விட்டு நகரவில்லை. எங்கோ மின்சாரத்துக்காக எடுத்த முடிவு அது. எனக்கும் அம்மாவுக்கும் இடையே அந்த ஒரு வாரம் 6 ஆக இருந்தது, இப்போது மூன்று வாரம் 4 ஆக இருக்கிறது. பழைய விதியே இருந்திருந்தால் இந்த மார்ச் முழுவதும் நான் உறங்கும் அம்மாவைத்தான் விசாரித்துக்கொண்டிருப்பேன்.

பதினெட்டு நாட்கள் அழைத்திருக்கிறேன். சரியாகப் பேச முடியாத 19, 20 ஆகிய இரண்டு நாட்களைக் கழித்தாலும் பதினாறு.

மார்ச் 28, வெள்ளி

கோலைப் பிடித்து நான்கு அடி. பிசியோ சொன்னதை அண்ணா திரும்பச் சொன்னான், நான் மூன்றாம் முறை சொல்லச் சொன்னேன்.

ஏப்ரல் முதல் வேலையை முன்னதாக முடிக்க முடியுமா என்று கேட்டேன். முடியாதாம்.

மார்ச் 29, சனி

லண்டனில் மாறுவது ஞாயிறு அதிகாலை 1 மணிக்கு. இங்கே அது சனி இரவு 9. தொலைபேசியில் இரு ஊர்களின் நேரத்தையும் மேலும் கீழும் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். இங்கே 8.59, அங்கே 12.59. பிறகு இங்கே 9.00, அங்கே 2.00. சத்தம் இல்லை. வார்டில் அந்த நேரம் அம்மா உறங்கிக்கொண்டிருந்திருப்பார். அவருடைய இரவில் ஒரு மணி நேரம் குறைந்ததை யாரும் அவரிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நாளை அங்கே அன்னையர் தினமும்கூட. அண்ணி மல்லிகைப்பூ தேடுகிறார், இந்தக் குளிரில்.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் அழைத்திருக்கலாம். ஞாயிறுதானே, வேலை இல்லை. அண்ணாவும் அதைத்தான் சொன்னான். நான் அழைக்கவில்லை. நாளையிலிருந்து எனக்குக் கிடைக்கப்போவது அந்த 4 மணி ஒன்றுதான், அது இப்போது மறுபடியும் அங்கே 9. மாத்திரை கொடுத்த பிறகு. இந்த மூன்று வாரத்தில் அம்மா உண்மையிலேயே தேறினாரா, அல்லது எல்லாம் அந்த ஒரு மணி நேரந்தானா என்று அப்போதுதான் தெரியும்.

காருக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வழக்கமான இடம்.

மணி 3.56.