லேப் ரிப்போர்ட்டில் உள்ள VT1, VT2-வை ஓட்ட வேகமாக மாற்றுவது எப்படி?

மாஸ்க் மாட்டி டிரெட்மில்லில் ஓடி முடித்ததும் கையில் வரும் ரிப்போர்ட்டில், எல்லோருடைய கண்ணும் முதல் பக்கத்தில் இருக்கும், உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது என்று காட்டும் VO2max எண்ணுக்குத்தான் போகும். நாளைக் காலை எந்த வேகத்தில் ஓடுவது என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. பதில் இருப்பது உள்ளே வரும் அட்டவணையில், வேகம் கூடக்கூட மூச்சின் போக்கு மாறும் VT1, VT2 என்ற இரண்டு எல்லைகளில். சில லேப்களில் சுருக்கத்தை மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். கிளம்பும் முன்பே, 30 விநாடி சராசரியாகப் போட்ட முழு அட்டவணையையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் தனித்தனியாக வரும் தரவு மேலும் கீழுமாகக் குதிக்கும். அதை வைத்து எதையும் கண்ணால் பிடிக்க முடியாது.

எண்களோடு பார்த்தால் எளிதாகப் புரியும். 64 கிலோ எடையுள்ள ஓர் ஓட்டக்காரர் என்று வைத்துக்கொள்வோம். டிரெட்மில் சாய்வு 1 சதவீதம், தொடக்க வேகம் மணிக்கு 7 கி.மீ., நிமிடத்துக்கு 0.5 கி.மீ. கூடுகிறது. 14.5-இல் நிறுத்தினார். VO2max 51, உச்ச இதயத்துடிப்பு 184. அட்டவணையில் நமக்கு வேண்டிய பகுதி இதுதான்:

```
km/h   VE/VO2  VE/VCO2  RER   HR
 9.0    25.0    29.4    0.85  138
 9.5    25.1    29.1    0.86  143
10.0    25.1    28.9    0.87  148
10.5    25.7    28.6    0.90  153
11.0    26.3    28.3    0.93  157
12.0    27.8    27.9    1.00  166
12.5    28.5    27.9    1.02  170
13.0    30.2    28.7    1.05  174
13.5    32.4    29.9    1.08  177
```

VE என்பது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றை வெளியே விடுகிறோம் என்பது. VE/VO2 என்றால், ஒரு லிட்டர் ஆக்சிஜனை உடல் எடுத்துக்கொள்ள எத்தனை லிட்டர் மூச்சு தேவைப்பட்டது என்று அர்த்தம். மேலே 10.0 வரை அது 25-ஐ ஒட்டியே நிற்கிறது, அதன்பின் ஏறத் தொடங்குகிறது. அதே நேரத்தில், வெளிவரும் கார்பன் டை ஆக்சைடுக்கு இதே கணக்கைப் போடும் VE/VCO2 இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஒன்று ஏற, மற்றது ஏறாமல் இருக்கும் இந்த இடம்தான் VT1. தசையில் உருவாகும் அமிலத்தை ரத்தத்திலுள்ள பைகார்பனேட் சமன்செய்யும்போது கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. மூச்சு அதன் பின்னால் ஓடுகிறது, அதனால்தான் ஆக்சிஜன் கணக்கில் மட்டும் ஏற்றம் தெரிகிறது. 12.5-க்குப் பிறகு VE/VCO2-உம் ஏறுகிறது. சமன்செய்வது போதாமல், கார்பன் டை ஆக்சைடுக்குத் தேவையானதைவிடவும் அதிகமாக உடல் மூச்சு விடத் தொடங்கிவிட்டது. இது VT2. மூச்சை விட்டு முடிக்கும் நேரத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தைக் காட்டும் PetCO2 என்ற பத்தி இருந்தால், இதே இடத்தில் அது கீழே சரிவதைப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம்.

மென்பொருள் தானாகப் போடும் கோட்டை மட்டும் நம்பாதீர்கள். மாஸ்க் மாட்டிய பதற்றத்தில் சிலர் தொடக்கத்திலேயே வேகமாக மூச்சு விடுவார்கள். வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனால் வகுத்தால் வருவது RER. முதல் சில நிமிடங்களில் அது 1-ஐ ஒட்டி நின்றால் இந்தப் பதற்றம்தான் காரணம். அங்கே விழுந்த VT1-ஐ ஒதுக்கிவிடலாம். மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்தால் வேறு மாதிரி தெரியும்: இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போக, VE-யும் VO2-உம் மட்டும் திடீரென்று சேர்ந்து குறையும். விகிதங்கள் பெரிதாக மாறாததால், கிராஃபை மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது.

பெயர்க் குழப்பம் இதைவிட அதிகக் கெடுதல் செய்கிறது. மருத்துவமனை ரிப்போர்ட்டுகளில் AT என்று ஒரே ஒரு எல்லையைக் குறிப்பிட்டிருந்தால், பெரும்பாலும் அது VT1. ஓட்டப் பயிற்சியாளர்கள் ‘த்ரெஷோல்ட்’ என்று சொல்வதோ VT2-ஐ ஒட்டிய வேகத்தை. நம் உதாரணத்தில் AT என்று மணிக்கு 10 கி.மீ. அச்சாகியிருந்தால், அதைப் பார்த்து டெம்போ ரன்னைக் கிலோமீட்டருக்கு 6:00-இல் ஓடுவார். டெம்போவுக்கு அது ஒரு நிமிடம் மெதுவான வேகம். VE/VCO2 பத்தியில் விரலை வைத்து நீங்களே ஒருமுறை கீழே வந்து பார்த்துவிட்டால் இந்தத் தவறு நடக்காது.

அடுத்தது வேகக் கணக்கு. 10.0 என்றால் 6:00, 12.5 என்றால் 4:48 என்று நேரடியாக எழுதிக்கொண்டால், இரண்டுமே கூடுதல் வேகமாகிவிடும். நிமிடத்துக்கு நிமிடம் பெல்ட் வேகம் கூடும்போது, உடல் எடுக்கும் ஆக்சிஜன் அதற்கு முக்கால் நிமிடம் அளவுக்குப் பின்தங்கியே வரும். 10.0 வரிசையில் தெரியும் VO2, உண்மையில் அதற்குச் சற்று முந்தைய வேகத்துக்கு உரியது. நிமிடத்துக்கு 0.5 ஏறும் பரிசோதனையில் இந்தத் தாமதம் ஏறக்குறைய 0.4 கி.மீ. கழித்துவிட்டால் VT1 9.6, VT2 12.1. அறுபதை இவற்றால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 6:15, 4:58 என்று வரும். படிக்கு மூன்று நிமிடத்துக்கும் மேல் நிறுத்தி ஓடவைத்திருந்தால் இந்தக் கழித்தல் தேவைப்படாது. VO2 நிலைக்கு வர நேரம் கிடைத்துவிடுகிறது. இதயத்துடிப்பும் இதே போலப் பின்தங்கித்தான் வருகிறது, அதனால் 148, 170 என்ற எண்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவமனையில் புரூஸ் முறையில் எடுத்த ரிப்போர்ட் என்றால் வேகப் பத்தியைத் தொடவே வேண்டாம். அதில் சாய்வு 10 சதவீதத்தில் தொடங்கி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 2 சதவீதம் கூடும். மணிக்கு 5, 6 கி.மீ. வேகத்திலேயே VT1 வந்துவிடும், சமதரையில் அதற்குப் பொருளில்லை. அதிலிருந்து இதயத்துடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, வேகத்தை மைதானத்தில் கண்டுபிடிப்பதே சரி.

நம் ஓட்டக்காரருக்கு 6:15 என்பது எளிய ஓட்டத்தின் மேல் எல்லை. தினசரி ஓட வேண்டிய வேகம் அதற்கும் கீழே, 6:30 முதல் 7:00 வரை. எல்லையிலேயே தினமும் ஓடினால் ஒரு சின்ன மேடோ வெயிலோ போதும், அவரை அந்தப் பக்கம் தள்ளிவிடும். டெம்போவுக்கு 5:00 முதல் 5:10 வரை, எட்டு நிமிடம் வீதம் மூன்று முறை, நடுவே இரண்டு நிமிடம் மெதுவோட்டம். 4:58-ஐத் தாண்டிப் போவதால் இந்தப் பயிற்சியில் கூடுதல் லாபம் எதுவும் இல்லை, மறுநாளின் கால்வலிதான் மிச்சம்.

இந்தக் கணக்கைத் தரையில் சரிபார்க்காமல் விடக்கூடாது. நன்றாக ஓய்வெடுத்த ஒரு நாளில், நன்றாக வார்ம் அப் செய்துவிட்டு, சமதரையில் 5:05-இல் முப்பது நிமிடம் ஓடச் சொல்லுங்கள். பத்தாவது நிமிடத்துக்கும் முப்பதாவது நிமிடத்துக்கும் இடையில் துடிப்பு ஐந்தாறு மட்டும் ஏறி, 170-க்குள் நின்றால் VT2 சரி. பத்து நிமிடத்திலேயே 170-ஐத் தாண்டி, மூச்சு கட்டுக்குள் நிற்காமல் போனால், லேப் வேகம் அவருக்கு அதிகம். கிலோமீட்டருக்கு ஐந்து விநாடி கூட்டி இன்னொரு நாள் பாருங்கள். VT1-க்கு இன்னும் எளிது: 6:15-இல் ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும்.

லேப் ஏசி அறை, சென்னைக் கடற்கரை ஏசி அறை இல்லை. மே மாதப் புழுக்கத்தில் காலை ஆறு மணிக்கே, அதே 6:30 வேகத்துக்குத் துடிப்பு பத்துக்கும் மேல் கூடுதலாகக் காட்டலாம். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் எளிய ஓட்டத்தில் கடிகாரத்து வேகத்தை மறந்துவிட்டு 148-க்குள் இருங்கள், 7:15 ஆனாலும் சரி. மேலே சொன்ன முப்பது நிமிட ஓட்டத்தை மட்டும் இந்த மாதங்களில் வைக்காமல் டிசம்பர், ஜனவரிக்குத் தள்ளிப் போடுங்கள்.