பன் மாவில் திணறிய ஹேண்ட் மிக்சர்

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே பன் செய்து கொடுக்கிறேன். கிறிஸ்துமஸ் ஆர்டர் கூடிய நேரத்தில் என் 300 வாட் ஹேண்ட் மிக்சர் திணற ஆரம்பித்தது. அரை கிலோ மைதாவுக்கு 300 மில்லி பால் ஊற்றுவேன். மாவு இளக்கமாக இருக்கும்வரை கொக்கிகள் நன்றாகச் சுற்றும். மாவு திரண்டு பாத்திரத்தை விட்டு வந்ததும் வேகம் இறங்கிவிடும். மேல்பக்கம் சுட்டது, வார்னிஷ் வாசனையும் லேசாக வந்தது.

கோளாறு எங்கே என்று சத்தமே சொல்லிவிடும். மோட்டார் சத்தமும் சேர்ந்து கனத்து இறங்கினால் சுமை அதிகம். மோட்டார் வழக்கம்போல் இரைய, கொக்கி மட்டும் ‘டக் டக்’ என்று நழுவினால் கியர் தேய்ந்திருக்கிறது. என்னுடையதில் இரண்டும் கேட்டது.

டவுனில் மிக்சி ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி என் முன்னாலேயே பிரித்தார். மோட்டார் தண்டின் நுனியில் திருகு மாதிரி இரும்புப் பல், அதன் இரு பக்கமும் வெள்ளை பிளாஸ்டிக் கியர். ஒரு கியரில் பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து கத்தி முனைபோல் மெலிந்திருந்தன. கிரீஸ் முழுவதும் ஓரத்துக்கு ஒதுங்கிக் காய்ந்து கிடந்தது. நல்லவேளை, காயில் கருகவில்லை, கார்பன் பிரஷ்ஷும் முழுக்கத் தேயாமல் போதுமான நீளம் இருந்தது.

“ஒண்ணை மட்டும் மாத்தினா புதுசும் சீக்கிரம் போயிரும்மா, ஜோடியாத்தான் மாத்தணும்” என்றார். மாற்றியதும் கொக்கிகளைச் செருகிக் கையாலேயே சுற்றிப் பார்த்தார். ஒன்றின் வளைவு மற்றதன் இடைவெளிக்குள் நுழைய வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இரண்டும் மோதிக்கொள்ளும்.

சூட்டுக்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. சுமையில் மோட்டார் மெதுவாகும்போது மின்சாரத்தை அதிகமாக இழுக்கிறது, அது காயிலில் சூடாக மாறுகிறது. குளிர்விக்கும் விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது, அதுவும் மெதுவாகிவிடும். அதாவது சூடு கூடும் நேரத்தில்தான் காற்று குறைகிறது. ஆகவே கெட்டி மாவை 1-ஆம் வேகத்திலேயே வைத்து உருட்டினால் மெஷினுக்கு இதம் என்று நினைப்பது சரியில்லை. 1 என்பது மாவு தெறிக்காமல் நனைவதற்கு மட்டும். அப்புறம் கையேட்டில் பிசைவதற்குச் சொன்ன வேகத்துக்கு ஏற்றிவிட வேண்டும். அந்த வேகத்திலும் சத்தம் இறங்கினால் மாவைக் குறைக்க வேண்டுமே தவிர, இன்னும் மேலே ஏற்றக்கூடாது. கியர் பல்தான் அடிவாங்கும்.

இப்போது பால், ஈஸ்ட் எல்லாவற்றோடும் பாதி மைதாவை மட்டும் போட்டு மிக்சரில் அடிக்கிறேன். மாவு கெட்டித் தோசைமாவு பதத்துக்கு வந்ததும் 20 நிமிடம் மூடி வைத்தால் தானாகவே இழுவை வருகிறது. மீதி மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கொக்கியில் மாவு ஏறிச் சுருளும் நேரத்தில் நிறுத்திவிட்டுக் கையால் பிசைகிறேன். என் மிக்சரின் லேபிளில் தொடர்ந்து ஓட்ட 5 நிமிடம் என்று போட்டிருக்கிறது, அதைத் தாண்டுவதில்லை. நிறுத்தும் முன் மாவிலிருந்து தூக்கி அரை நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் உள்ளிருக்கும் சூடு வெளியேறும். மிக்சரின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, அது ஆறிய பிறகே அடுத்த பாத்திர மாவை எடுக்கிறேன். சப்பாத்தி மாவுக்கு மட்டும் இந்த மெஷினைத் தொடுவதே இல்லை.